மேடையில் பெயர் தவறினால்

மேடையில் ஒருவரைப் பாராட்டும்போது பெயர் சார்ந்த விபத்து இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, பெயர் வராமல் நாக்கு நின்றுவிடுவது. மற்றொன்று, வந்த பெயர் தவறாக வந்துவிடுவது. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிரானது. பெயர் வராவிட்டால் அந்த இடத்தில் நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும். பெயர் தவறிவிட்டால் நகராமல் அங்கேயே நிற்க வேண்டும். பதற்றத்தில் பெரும்பாலோர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பெயர் வராதவர் "வந்து... வந்து..." என்று அதே இடத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். தவறாகச் சொன்னவர் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறார்.

பள்ளி ஆண்டு விழா, பணி நிறைவு விழா, நூல் வெளியீடு, ஊர்க் கலைவிழா என்று பல மேடைகளில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்து வருகிறேன். தொகுப்பாளருக்குத் தான் பேசுவது பாதி வேலை; மேடையில் பேசுகிற மற்றவர்கள் தடுமாறும்போது கைகொடுப்பது மீதிப் பாதி. பாராட்டுகிறவர் ஊர்ப் பெரியவராக இருப்பார், நன்கொடையாளராக இருப்பார், மேடைப் பழக்கமே இல்லாதவராகவும் இருப்பார். பாராட்டப்படுகிறவரோ வாழ்நாளில் அந்த ஒரே ஒரு முறை மேடை ஏறியிருப்பார். அவருடைய பெயர் அந்த அரங்கில் சரியாக ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பெயர் மட்டும் ஏன் சிக்கிக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் கொஞ்சம் தணியும். 1966-இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நாக்கின் நுனியில் நின்றுகொண்டு வெளியே வராத சொற்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சொல் வராத நிலையிலும் அதன் முதல் எழுத்து என்ன, எத்தனை அசை என்பதைப் பலரால் சரியாகச் சொல்ல முடிந்தது. 1987-இல் பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆய்வில், முகப் படங்களைக் காட்டி அவற்றுக்குரிய பெயரையும் தொழிலையும் கற்பித்தார்கள். ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது பெயராகவும் இருக்கும், ரொட்டி சுடுபவர் என்று தொழிலாகவும் இருக்கும். ஒரே சொல் தொழிலாகச் சொல்லப்பட்டபோது நினைவில் நின்றது. பெயராகச் சொல்லப்பட்டபோது எளிதில் நழுவியது. தொழில் என்றதும் அடுப்பு, மாவு, மணம் என்று மனம் பற்றிக்கொள்ளப் பல பிடிகள் உண்டு. பெயருக்கு அப்படி எந்தப் பிடியும் கிடையாது.

பாராட்டு மேடையில் நடப்பது இதுதான். எதிரில் நிற்பவரின் ஊர், உழைப்பு, குணம் எல்லாம் பேசுகிறவருக்கு நன்றாகத் தெரியும். அத்தனை தெரிந்தும் அவை எதுவும் பெயருக்கு வழி காட்டுவதில்லை. ஆகவே மேடையில் பெயர் மறப்பதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மறந்தபிறகு என்ன செய்கிறோம் என்பதில் மரியாதையும் அவமரியாதையும் உண்டு.

2008-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட ஒரு செய்தி மேடைக்காரர்களுக்கு மிகவும் பயன்படும். நாக்கின் நுனியில் சிக்கிய சொல்லுக்காக அதிக நேரம் போராடியவர்கள், அடுத்த முறையும் அதே சொல்லில் சிக்கினார்கள். போராடும் நேரத்தில் மூளை அந்தச் சொல்லைக் கற்பதில்லை, அதில் சிக்குவதையே கற்கிறது. மேடையில் நானும் இதைத்தான் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் ஒரு பெயரில் நின்று போராடியவர், நன்றி சொல்லும்போதும் அதே பெயரில் நிற்பார். எனவே பெயர் வரவில்லை என்று தெரிந்த நொடியிலேயே உள்ளே தேடுவதை விட்டுவிட வேண்டும். பெயர் வெளியே இருந்துதான் வர வேண்டும்: தாளிலிருந்து, கேடயத்திலிருந்து, பக்கத்தில் நிற்பவரிடமிருந்து.

முதல் எழுத்து தெரிகிறதே என்று அதை வைத்துக்கொண்டு துழாவுவதும் ஆபத்து. 'அ'வில் தொடங்கும் பெயர் என்று உள்மனம் சொல்லும். அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த வாசல் வழியாக அமுதா, அகிலா, அன்பரசி என்று வேறு பெயர்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கும். அப்படி வந்து நிற்கிற பெயர் சரியான பெயருக்கு வழி விடாது. மறதியாக இருந்தது அங்கேதான் தவறாக மாறுகிறது.

தேடுவதை விட்டுவிட்டு நகர்வது என்றால் எப்படி நகர்வது? இதற்குத் தமிழ் வாக்கியத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் மேடை வழக்கத்தில் பாராட்டு வாக்கியம் எச்சங்களால் நீளும். "இத்தனை ஆண்டுகள் உழைத்த, இன்னதைச் செய்த, எல்லோருக்கும் இன்னதாக விளங்குகிற..." என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் பெயரை வைப்போம். அதில் ஓர் அழகு இருக்கிறது. அரங்கம் அந்தப் பெயருக்காகக் காத்திருக்கும். ஆனால் பெயர் வராவிட்டால், அத்தனை எச்சமும் அந்தரத்தில் தொங்கும். வாக்கியம் முடியவில்லை என்பது குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

மீட்பு இங்கே எளிது, பழகியிருந்தால். தொங்குகிற எச்சத்தை வினைமுற்றாக்கி வாக்கியத்தை மூடிவிட வேண்டும். 'உழைத்த' என்று நின்ற இடத்தில் 'உழைத்தார்' என்று சொன்னால் போதும். "முப்பது ஆண்டுகள் உழைத்த..." என்று நிற்பது தடுமாற்றம். "முப்பது ஆண்டுகள் உழைத்தார்" என்று நிற்பது முழுமையான ஒரு செய்தி. அதன்பின் ஒரு மூச்சு இடைவெளி விட்டால், அது உணர்ச்சியால் வந்த இடைவெளியாகத்தான் கேட்கும். மேடைக்குப் புதியவர்களிடம் நான் வலியுறுத்தும் பயிற்சி இது ஒன்றுதான். வீட்டில் பேச்சை ஒத்திகை பார்க்கும்போது, பெயர் வர வேண்டிய இடத்திற்கு ஒரு சொல் முன்பாக வேண்டுமென்றே நிறுத்தி, வினைமுற்றால் மூடிப் பாருங்கள். நாலைந்து முறை செய்தால் நாக்கு தானே அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு நிகழ்ச்சியை முழுமையாகச் சொல்கிறேன். ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழா. சத்துணவுக் கூடத்தில் நெடுங்காலம் சமைத்து ஓய்வு பெறும் அம்மையாரை அந்த விழாவிலேயே பாராட்ட ஏற்பாடு. பாராட்டிப் பேச வந்தவர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பொறுப்பில் இருந்த பெரியவர். இந்த இடத்தில் ஒரு சிக்கல் முன்பே ஒளிந்திருந்தது. பிள்ளைகள், ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள் என எல்லோருமே அந்த அம்மையாரை 'ஆயாம்மா' என்றுதான் அழைத்துவந்தார்கள். பெரியவருக்கு அவரை நன்றாகத் தெரியும், அவர் பெயரை வாய்விட்டுச் சொன்ன பழக்கம்தான் இல்லை. காவலர், ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், செவிலியர் என்று வேலையின் பெயராலேயே அழைக்கப்படுகிறவர்களைப் பாராட்டும் விழாக்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. அம்மையாரின் உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. அமுதவல்லி என்று வைத்துக்கொள்வோம்.

பெரியவர் அருமையாகப் பேசினார். "முப்பது வருஷமா இந்தப் பள்ளிக்கூட அடுப்படியில பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப்போட்ட, ஒருநாளும் நேரம் தவறாத, நமக்கெல்லாம் அம்மாவா இருந்த திருமதி..." அதோடு நின்றுவிட்டது. அவருடைய கண் முதலில் மேலே போனது, பிறகு என் பக்கம் வந்தது. மேடை ஓரத்தில் நிற்கிறவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது இந்தக் கண்ணைத்தான். பேசுகிறவரின் பார்வை கூட்டத்தை விட்டு மேலே போனால் அவர் எதையோ தேடுகிறார் என்று அர்த்தம்.

அந்த நிலையில் ஒலிவாங்கியில் பெயரை எடுத்துக்கொடுப்பது எளிது. ஆனால் அது பெரியவர் மறந்துவிட்டார் என்று ஊருக்கு அறிவிப்பதாகிவிடும். பாராட்டப்படுகிற அம்மையாருக்கும் அது நேரே போய்ச் சேரும். ஆகவே அவர் சொன்ன வாக்கியத்தை நான் என் ஒலிவாங்கியில் மூடினேன். "ஆம், அம்மாவாகவே இருந்தார்கள். ஐயா சொன்ன அந்த முப்பது ஆண்டுகளுக்கு நம் கைதட்டல்." பிள்ளைகள் நிறைந்த அரங்கில் கைதட்டல் சில நொடிகள் நீடிக்கும், பார்த்து வாசிக்க அது போதும். அந்த இடைவெளியில் பொன்னாடை வைத்த தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். மடித்த பொன்னாடையின்மேல் பெயர் எழுதிய அட்டை இருந்தது. யாராவது பார்த்திருந்தால் பொன்னாடை கொண்டுவருகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கைதட்டலைப் பற்றி ஒரு கண்டிப்பு உண்டு. முடிந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் கைதட்டல் கேட்க வேண்டும். தொங்குகிற வாக்கியத்தின் நடுவில் கேட்டால், எதற்காகத் தட்டுகிறோம் என்று கூட்டத்துக்குப் புரியாது. சிலர் தட்டுவார்கள், சிலர் விழிப்பார்கள், மறதி அம்பலமாகிவிடும்.

கைதட்டல் ஓய்ந்தது. பெரியவர் அட்டையைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "திருமதி அமுதவள்ளி!" என்றார். மறதி தீர்ந்தது, இப்போது இரண்டாவது விபத்து. அட்டையில் இருந்தது வல்லி. அவர் மனத்தில் பழகிய ஒலி வள்ளி. அவசரத்தில் கண் எழுத்தைப் பார்த்தது, நாக்கு பழக்கத்தைச் சொன்னது.

பெயர் தவறியது என்பதைப் பாராட்டப்படுகிறவரின் முகத்தில் தேடக்கூடாது. அவர் சிரித்துக்கொண்டேதான் இருப்பார். மேடையில் நிற்கும் கூச்சத்தில் எந்தப் பெயர் சொன்னாலும் கும்பிடுவார். பார்க்க வேண்டியது அவருடைய குடும்பம் உட்கார்ந்திருக்கும் வரிசையை. மகளோ பேரனோ உதட்டைச் சரியான ஒலிக்குக் குவிப்பார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். விழா தொடங்கும் முன்பே குடும்பத்தார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் பார்த்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அன்று முன்வரிசையில் மகளின் உதடு அசைந்தது.

நான் ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டு, "வல்லி ஐயா, வல்லி" என்று காதில் சொன்னேன். தவறிச் சொன்னவரே திருத்துவதுதான் முறை. தொகுப்பாளர் வேறொரு ஒலிவாங்கியில் திருத்தினால் அது பெரியவரைக் கண்டித்ததுபோல ஆகிவிடும். அரங்கத்தின் கவனம் அம்மையாரை விட்டு அந்தச் சங்கடத்துக்குப் போய்விடும். பெரியவர் ஒரு நொடியும் தயங்கவில்லை. "மன்னிக்கணும்மா. அமுதவல்லி. திருமதி அமுதவல்லி அவர்களுக்கு நம்ம தலைமையாசிரியை பொன்னாடை அணிவிப்பாங்க." அவ்வளவுதான். இதைவிடச் சிறந்த திருத்தத்தை நான் மேடையில் கேட்டதில்லை.

அது ஏன் சிறப்பாக அமைந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். மன்னிப்பு ஒரே சொல். அதுவும் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லாமல், அம்மையாரைப் பார்த்துச் சொன்னது. தவறான பெயரை அவர் மறுபடி உச்சரிக்கவில்லை. "வள்ளி இல்லை, வல்லி" என்று சொல்லியிருந்தால் தவறான ஒலி இரண்டாவது முறையும் அரங்கில் விழுந்திருக்கும்; பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. சரியான பெயரை முதலில் தனியாக, முற்றுப்புள்ளியோடு சொன்னார். பிறகு அதே பெயரை முழு மரியாதையோடு ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொன்னார். அந்த வாக்கியம் விழாவை அடுத்த செயலுக்கு நகர்த்தியது. திருத்தம் முடிந்த உடனே பொன்னாடை வந்துவிட்டதால், தவற்றை நினைத்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இல்லை.

நீண்ட மன்னிப்பு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். "எனக்கு வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு, தப்பா நினைக்கக்கூடாது" என்று தொடர்ந்தால் பாராட்டப்படுகிறவர், "பரவாயில்லீங்க ஐயா" என்று ஆறுதல் சொல்ல வேண்டியதாகிறது. அவருக்காக நடக்கிற விழாவில் அவர் நமக்கு ஆறுதல் சொல்லும்படி வைப்பது நியாயமில்லை.

பிறகு நான் கேடயத்தில் பொறித்திருந்ததை வாசித்தேன். அதில் அமுதவல்லி என்ற பெயர் இன்னொரு முறை, நிதானமாக ஒலித்தது. தலைமையாசிரியையிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். நன்றியுரையிலும் அந்தப் பெயர் சரியாக வந்தது. ஒரு முறை தவறிய பெயர் அதே மேடையில் குறைந்தது மூன்று இடங்களில் சரியாக ஒலிக்க வேண்டும் என்பது என் கணக்கு. கேடயமும் வாழ்த்து மடலும் இதற்குப் பெரிய துணை. பெயர் மறந்தவர்களுக்கும் அதுவே நல்ல வழி: "இந்தக் கேடயத்தில் பொறித்திருப்பதை வாசிக்கிறேன்" என்று எடுத்து வாசிப்பது மேடைக்கு இயல்பான செயல், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் கேடயம் செய்தவர் பெயரைத் தவறாகப் பொறித்திருக்கவும் கூடும். எனவே விழாவுக்கு முன்பே அதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். பின்னால் கட்டியிருக்கும் பிளெக்ஸை நம்புவதும் சரிவராது. அதைப் படிக்கப் பேசுகிறவர் கூட்டத்துக்கு முதுகு காட்ட வேண்டியிருக்கும்.

தவறைத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சான்று இருக்கிறது. 2014 மார்ச் 2 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில், 'ஃப்ரோசன்' படத்தின் பாடலைப் பாட வந்த இடினா மென்செலை அறிமுகம் செய்த நடிகர் ஜான் ட்ரவோல்டா, அவர் பெயரை 'அடெல் டசீம்' என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு நகர்ந்துவிட்டார். மென்செல் வந்து பாடினார். ஆனால் மறுநாள் உலகம் பேசியது அந்தத் தவறான பெயரைத்தான். அடுத்த ஆண்டு இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தி அதை வைத்து ஒரு கலகலப்பு நடத்தித்தான் கணக்கு தீர்ந்தது. அன்று ட்ரவோல்டா ஒரே நொடி நின்று பெயரை மறுபடி சொல்லியிருந்தால், அது அந்த நொடியோடு போயிருக்கும்.

நேர் எதிரான சான்று 2017 பிப்ரவரி 26 அன்று, அதே ஆஸ்கர் மேடையில் நடந்தது. உச்சரிப்பில் தவறு இல்லை, விருதுக்கு உரியவர்களே மாறிப்போனார்கள். சிறந்த படத்துக்கான உறைக்குப் பதிலாக, சிறந்த நடிகைக்கான உறையின் இன்னொரு படி வாரன் பெய்ட்டியின் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் பிரித்துப் பார்த்துத் தயங்கினார். உடன் நின்ற ஃபே டனவேயிடம் காட்டினார். அவர் 'லா லா லேண்ட்' என்று அறிவித்துவிட்டார். அந்தக் குழுவினர் மேடை ஏறி நன்றியுரையும் தொடங்கிய பிறகுதான் தவறு தெரியவந்தது. அப்போது அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜோர்டன் ஹோரோவிட்ஸ் ஒலிவாங்கிக்கு வந்து, தவறு நடந்துவிட்டது, வென்றது 'மூன்லைட்' என்று சொல்லி, சரியான அட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். எப்படி நடந்தது என்ற விளக்கத்தைப் பெய்ட்டி அதன் பிறகுதான் சொன்னார். சரியான பெயர் முதலில், சான்று அடுத்து, காரணம் கடைசியில். நம் ஊர் மேடையில் ஒருவருக்குரிய பரிசுக்கு இன்னொருவரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டாலும் இதே வரிசைதான். காரணத்தை முதலில் சொல்லத் தொடங்கினால், உரியவரின் பெயர் வரும்வரை இரண்டு பேரும் மேடையில் தவித்துக்கொண்டு நிற்பார்கள்.

பெய்ட்டியின் தயக்கத்தையும் கவனிக்க வேண்டும். அட்டையைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த ஐயத்தோடு அங்கேயே நிறுத்தி, விழாக் குழுவைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சில நொடி அமைதியோடு முடிந்திருக்கும். பெயரில் ஐயம் வந்தால் சொல்லாமல் நிறுத்திக் கேட்பதே நல்லது.

நம் பெயர்களில் தவறு எங்கெங்கே நடக்கும் என்பது அநேகமாக முன்கூட்டியே தெரிந்ததுதான். பட்டியல் ஆங்கிலத்தில் வந்தால் குறிலும் நெடிலும் கலந்துவிடும். மாறன், மாரன் இரண்டுக்கும் ஒரே எழுத்துக் கூட்டல். லகர ளகரமும், னகர ணகரமும் பிரிந்து தெரியாது. பட்டியல் தமிழில் வந்தால் இன்னொரு சிக்கல். 'தாரா' என்று எழுதியிருந்தால் அதை வலித்துச் சொல்வதா மெலித்துச் சொல்வதா, 'பானு' என்றால் பகரம் எப்படி என்று எழுத்து சொல்லாது. அதனால் இரண்டு எழுத்திலும் பெயரை வாங்கிக்கொள்வேன். தலைப்பெழுத்தும் முக்கியம். 'மு.' என்று இருப்பதை 'எம்.' என்று படித்தால், தந்தை பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு அது உறுத்தும். ஓர் ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் ஆளை அடையாளம் காட்டுவதே தலைப்பெழுத்துதான். அது தவறினாலும், முழுப் பெயர் தவறியதுபோலவே நின்று திருத்த வேண்டும்.

எழுதிக்கொண்டாலும் போதாது, யார் எழுதியது என்பதும் முக்கியம். 2024 மே மாதம் பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டமளிப்பு விழாவில், பட்டதாரிகளின் பெயர்களை வாசித்தவர் வரிசையாகத் தவறாக வாசித்தார். தாமஸ் என்ற பெயரே உருத்தெரியாமல் சிதைந்தது. அட்டையில் ஒலிப்புக் குறிகள் கொடுக்கப்பட்ட விதமே காரணம் என்று பல்கலைக்கழகம் பின்னர் மன்னிப்புக் கோரியது. உதவிக்காக எழுதப்பட்ட குறியே, அதற்குப் பழக்கம் இல்லாதவருக்குத் தடையாகிவிட்டது. என் அட்டையில் நான் போடும் குறிகளை நானே போடுகிறேன். பெயரைப் பெரிய எழுத்தில், ஒரே வரியில் எழுதுவேன். தவறக்கூடிய ஒற்றை எழுத்தின் கீழ் மட்டும் கோடு போடுவேன். வல்லியின் நடுவில் உள்ள லகரத்துக்குக் கீழே ஒரு கோடு. வேறு எதுவும் வேண்டாம். பேசப்போகிறவரிடம் அந்த அட்டையைக் கொடுத்து, வாய்விட்டு இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்பேன். அன்றைய பெரியவரிடம் அதற்கு வாய்ப்பு இல்லை. விழா தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தார்.

எந்த உதவியும் கிடைக்காத நேரமும் உண்டு. அட்டை இல்லை, கேடயத்தில் பெயர் இல்லை, பக்கத்தில் தெரிந்தவரும் இல்லை. அப்போது, "உங்கள் பெயரை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், அரங்கம் கேட்கட்டும்" என்று ஒலிவாங்கியை நீட்டும் உத்தியைப் பலர் கையாள்கிறார்கள். மேடையில் இருக்கும் எல்லோரிடமும் அப்படிக் கேட்டால் அது அழகாகவே இருக்கும். ஐந்து பேரில் நான்கு பேரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு ஐந்தாமவரிடம் மட்டும் நீட்டினால், அவருக்கு உண்மை புரிந்துவிடும்; அது மறதியைவிட அதிகமாக நோகடிக்கும். அந்த இடத்தில் நேர்மையே மேல். "அம்மா, உங்கள் பெயர் இந்த நொடி நாவுக்கு வரவில்லை, மன்னிக்கணும், சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் சொன்னதும் அதை அப்படியே தெளிவாகத் திருப்பிச் சொல்லுங்கள். "இவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று பூசி மெழுகிப் பெயரே சொல்லாமல் பொன்னாடை போர்த்தி அனுப்புவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பெயர் சொல்லப்படாத பாராட்டு அவருக்கு உரியதாக ஆவதில்லை.

மேடை முடிந்த பிறகும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. செய்தியாளர்கள் மேடையில் கேட்டதைத்தான் குறித்துக்கொள்வார்கள். தவறாகக் கேட்டிருந்தால் மறுநாள் அச்சில் அது நிலைத்துவிடும். ஆகவே அவர்கள் கிளம்பும் முன் சரியான பெயரை எழுதிய சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்தது ஒளிப்பதிவு. தவறிய ஒலியை மட்டும் வெட்டிவிட்டு, திருத்தத்தை அப்படியே விட்டுவிடும் படத்தொகுப்பாளர்கள் உண்டு; அப்போது காரணமே இல்லாமல் ஒரு மன்னிப்பு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டினால் இரண்டையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள்.

விழா நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பாராட்டப் போகிறவரின் பெயரை அழைப்பிதழிலிருந்தோ செயலாளரிடமிருந்தோ எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாளே அவருக்குத் தொலைபேசியில் பேசி, தலைப்பெழுத்தோடு அவர் பெயரை அவரே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை, மேடையில் அவர் பெயரைச் சொல்லப்போகிற ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.